கேட்சருக்கு இரண்டு விநாடி

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில், பந்தெறியும் பிட்சரை நோக்கி, மட்டை பிடித்த பேட்டருக்குப் பின்னால் குந்தியிருப்பவர் கேட்சர். முதல் தளத்தில் எதிரணி ஓட்டக்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிட்சர் பந்தெறிய அசையத் தொடங்கியதும் அவர் இரண்டாம் தளத்திற்கு ஓடிவிடப் பார்ப்பார். அவரைத் தடுக்கப் புதிய கேட்சர் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

முதலில் கணக்கு. ஓட்டக்காரருக்குச் சுமார் 3.4 விநாடி தேவை. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரிடம் வர 1.3 விநாடி ஆகிறது. மீதி 2.1 விநாடி. அதற்குள் பந்து 127 அடி தாண்டி இரண்டாம் தளத்தை அடைய வேண்டும். தேர்ந்த கேட்சர் இதை 2 விநாடியில் முடிக்கிறார். புதியவருக்கு 2.3 ஆனால் ஓட்டக்காரர் தப்பிவிடுவார். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு தோள்பலத்தில் அல்ல, கால்களில் இருக்கிறது.

ஆகவே ஓட்டக்காரர் இருக்கும்போது முழுதாகக் குந்தக் கூடாது. இடுப்பைச் சற்று உயர்த்தி, கால்களைத் தோளகலத்திற்கு மேல் விரித்து, வலது பாதத்தைச் சிறிது பின்னால் வைக்க வேண்டும். வெறுங்கையை விரல் மடக்கிக் கையுறைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். விரல் நீண்டிருந்தால் பந்து பட்டு முறியும்.

பந்தை எட்டிப் பாய்ந்து பிடிக்காமல், முழங்கையைத் தளர்த்தி, வரவிட்டு வாங்க வேண்டும். பந்து முன்னால் தரையில் குத்தி வந்தாலோ, பிடிக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். இரு முழங்காலையும் தரையில் போட்டு, கையுறையால் கால்களின் நடுவே உள்ள இடைவெளியை அடைத்து, தோள்களை முன்னே குவித்து, முகவாயை மார்போடு சேர்க்க வேண்டும். அப்போது பந்து மார்பில் பட்டு முன்னாலேயே விழும். பயந்து முகத்தைத் திருப்பினால், கவசமில்லாத கழுத்தில் அடிபடும். பந்தும் பின்னால் ஓடிவிடும்.

பந்து கையுறையில் நன்றாகச் சேர்ந்துவிட்டால், வலது பாதம் இடது பாதத்திற்கு முன்னால் ஒரு சிற்றடி வைக்கும். இடது தோள் இரண்டாம் தளத்தை நோக்கும். அதற்குள் கையுறை வலது காதருகே வர, அங்கே வெறுங்கை பந்தை எடுத்துக்கொள்ளும். விரல்கள் தையலுக்குக் குறுக்கே பதிந்தால் பந்து நேரே செல்லும். இடது தோள் முன்னதாகவே திறந்துவிட்டால், பந்து வலப்புறம், முதல் தளப் பக்கமாக விலகிப் போகும்; பிழையை இதைக்கொண்டே அறியலாம்.

குறி எங்கே? தளத்தின் மேல், முழங்கால் உயரத்தில். சறுக்கி வரும் ஓட்டக்காரரின் காலைத் தரையருகேதான் தொட வேண்டும். ஆதலால் தலைக்கு மேல் வரும் வேகப் பந்தைவிட, ஒருமுறை தரையில் தட்டித் தளத்தருகே எழும் பந்தே மேலானது.

எனவே, புதியவர் முதல் சில நாட்கள் பந்தில்லாமல் அந்தச் சிற்றடியை மட்டும் பழகுவது நல்லது. கால் வழிக்கு வந்தபின் கை தானே விரைவடையக் காண்போம்.