பில் போட்டோவில் பத்தி நழுவினால் பிடிப்பது எப்படி?

செனாவாங் தொழிற்பேட்டையில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தாலும், பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்தாலும், முதல் வாரமே ஒரு வேலை உங்களைத் தேடி வரும். லாரி டிரைவர் வாட்ஸ்அப்பில் ஒரு பில்லின் போட்டோவை அனுப்புவார். "சாயங்காலத்துக்குள்ள எக்செல்ல ஏத்திடு" என்பார் சூப்பர்வைசர்.

போட்டோவைப் படித்து எக்செல்லில் போட இன்று வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் `Data` மெனுவுக்குள் `From Picture` என்று ஒன்று உண்டு. அதை அழுத்தத் தெரிந்தவர் எல்லா ஆபீசிலும் இருக்கிறார். அது தப்பாகப் போட்டதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் குறைவு. உங்களுக்கான இடம் அங்கே இருக்கிறது.

1. மெஷினுக்கு அட்டவணை தெரியாது என்பதை மனதில் வையுங்கள்

நாம் பில்லைப் பார்த்தவுடன் "இது தேதி, இது எடை, இது விலை" என்று புரிந்துகொள்கிறோம். மெஷின் அப்படிப் பார்ப்பதில்லை. முதலில் தாளில் எழுத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, ஒவ்வொரு சொல்லையும் எண்ணையும் சுற்றி ஒரு பெட்டி போடுகிறது. ஒரே உயரத்தில் உள்ள பெட்டிகளை ஒரு வரி என்கிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பவற்றை ஒரு பத்தி என்கிறது. கோடு போட்ட அட்டவணையில் கோடுகள் உதவும். கோடில்லாத பில்லில் வெற்றிடத்தை வைத்து ஊகிப்பதுதான் வழி.

ஆகவே நடப்பது இரண்டு வெவ்வேறு தப்புகள். 8-ஐ 3 என்று படிப்பது எழுத்துத் தப்பு. 5,260 என்று சரியாகப் படித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் வைப்பது இடத் தப்பு. எழுத்தில் சந்தேகம் வந்தால் எக்செல் அந்தக் கட்டத்தைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லும். இடம் மாறிய எண் தெளிவாகப் படிக்கப்பட்ட எண் என்பதால், அந்த எச்சரிக்கையை நம்பி உட்கார முடியாது.

2. போட்டோவிலேயே பாதித் தப்பைத் தடுங்கள்

ஒரு சின்னக் கணக்கு. அட்டவணையின் அகலம் 18 சென்டிமீட்டர், வரிக்கு வரி இடைவெளி 6 மில்லிமீட்டர் என்று வைப்போம். தாள் வெறும் 2 டிகிரி சாய்ந்தால், இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே சுமார் 6.3 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வரும். அதாவது ஒரு முழு வரி. மூன்றாம் வரியின் தேதியோடு இரண்டாம் வரியின் தொகையோ நான்காம் வரியின் தொகையோ ஒரே உயரத்தில் நிற்கும்.

நேரான சாய்வைப் பல ஆப்கள் தானே நிமிர்த்திவிடும். மடிப்பும் சுருளும்தான் தொல்லை. டிரைவர் சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்த தாளில் ஒவ்வொரு கால்பகுதியும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். போனைச் சரித்துப் பிடித்து எடுத்தால் தூரத்து ஓரம் குறுகிப் பத்திகள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும்.

தாளைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ரொம்பக் கிட்டே போகாமல் கொஞ்சம் உயர்த்தி, 2 மடங்கு ஜூம் இருந்தால் அதில் எடுங்கள். நாலு மூலையும் தெரிய வேண்டும். போனில் உள்ள ஸ்கேன் வசதி அந்த மூலைகளை வைத்துத்தான் தாளை நேரான செவ்வகமாக்குகிறது. டிரைவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பப்படும், சின்ன எழுத்தும் மெல்லிய கோடும் கரைந்துவிடும்.

3. தாளே நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

சில நேரம் மெஷின்மேல் பழி போடக் கூடாது. பல சப்ளையர்கள் இன்னும் கட்டம் அச்சடித்த தொடர் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரால் பில் அடிக்கிறார்கள். அதில் வழக்கமான அளவு அங்குலத்துக்கு 6 வரி, அதாவது ஒரு வரிக்கு சுமார் 4.2 மில்லிமீட்டர். ஓரத்துளைகளில் தாளைக் கொஞ்சம் தள்ளி மாட்டினாலே எழுத்துகள் கட்டத்தைவிட்டு அடுத்த கட்டத்தில் விழும். நீளமான பொருள் பெயர் வந்தால், அது தன் இடத்தைத் தாண்டி மற்ற எண்களை வலப்பக்கம் தள்ளும். அல்லது இரண்டாக மடங்கி, எண்ணே இல்லாத ஒரு போலி வரியை உண்டாக்கும்.

இந்த மாதிரித் தாளில் கோட்டைப் பார்க்காதீர்கள். எண்களின் கடைசி இலக்கங்கள் எங்கே ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன என்று பாருங்கள். எண்கள் பெரும்பாலும் வலப்பக்கம் ஒட்டி அச்சாகும். தலைப்போ இடப்பக்கம் ஒட்டியிருக்கலாம். அதனால்தான் தலைப்பு ஒரு பத்தியிலும் எண்கள் அடுத்த பத்தியிலும் போய் உட்காருகின்றன.

4. காலிக் கட்டம்: ஆளை விழுங்கும் குழி

செம்பனை ஆலையிலிருந்து வரும் வேபிரிட்ஜ் பட்டியலை எடுத்துக்கொள்வோம். A தேதி, B டிக்கெட், C லாரி எண், D ஏற்றிய எடை, E வெற்று எடை, F கழிவு, G நிகர எடை. எல்லாம் கிலோவில். நான் எடுத்துக்காட்டுக்குப் போட்ட மூன்று வரிகள் இவை.

முதல் லோடு: 8,420, வெற்று லாரி 3,160, கழிவு காலி, நிகரம் 5,260.
இரண்டாவது: 9,050, வெற்று 3,180, கழிவு 120, நிகரம் 5,750.
மூன்றாவது: 7,880, வெற்று 3,160, கழிவு காலி, நிகரம் 4,720.

காயும் சேறும் கலந்த லோடுக்கு மட்டும் கழிவு பிடித்திருக்கிறார்கள். மற்ற வரிகளில் அந்தக் கட்டம் வெறுமை. மெஷின் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து, 5,260-ஐயும் 4,720-ஐயும் இடப்பக்கம் நகர்த்திக் கழிவுப் பத்தியில் போட்டுவிட்டது. இப்போது நிகரப் பத்தியின் கூட்டல் 5,750 மட்டுமே. தாளின் அடியில் அச்சாகியிருப்பது 15,730. ஒரு டன் 800 ரிங்கிட் என்று வைத்தால், 12,584 ரிங்கிட் வர வேண்டிய இடத்தில் 4,600 என்று காட்டுவீர்கள்.

இங்கே கெட்டிக்காரர்களும் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஏற்றிய எடை, கழி வெற்று எடை, கழி கழிவு, அது நிகரத்துக்குச் சமமா?" என்று ஃபார்முலா போடுவார்கள். நழுவிய முதல் வரியில் 8,420 கழி 3,160 கழி 5,260 என்றால் பூஜ்யம். நிகரக் கட்டம் காலி. எக்செல் காலியையும் பூஜ்யத்தையும் சமம் என்று எடுத்துக்கொண்டு `TRUE` சொல்லிவிடும். தப்பான வரி பாஸாகிவிட்டது! ஆகவே நிகரக் கட்டத்தில் எண் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்:

```
=AND(ISNUMBER(G2),ROUND(D2-E2-F2,2)=G2)
```

இதில் இன்னொரு லாபம். எண் மாதிரி தெரிந்தாலும் எழுத்தாகப் பதிவான கட்டங்களை `SUM` சத்தமில்லாமல் விட்டுவிடும். `ISNUMBER` நிகரப் பத்தியில் அவற்றையும் பிடித்துக் கொடுக்கும். கழிவுக் கட்டத்தில் சும்மா ஒரு சிறு கோடு அச்சாகியிருந்தால் `#VALUE!` வரும். பயப்படாமல் அதை 0 ஆக்குங்கள்.

லாரி எண்ணையும் கவனியுங்கள். நம் மாநிலப் பதிவு எண் N எழுத்தில் தொடங்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் மெஷின் ஒன்றை இரண்டாக வெட்டினால், அந்த வரி முழுக்க ஒரு கட்டம் வலப்பக்கம் போய்விடும்.

5. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை

ஒரே ஒரு சோதனை போதாது. காரணம் இது. சாய்வினால் நிகர எடைகள் இரண்டு வரிகளுக்குள் இடம் மாறிக்கொண்டால், பத்தியின் கூட்டல் சரியாகவே வரும். குறுக்குக் கணக்குதான் அதைப் பிடிக்கும். மாறாக, மடிப்பில் ஒரு வரி முழுவதும் விடுபட்டால், இருக்கிற வரிகள் எல்லாம் குறுக்கே சரியாக இருக்கும். அச்சான கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

எனவே ஒவ்வொரு வரிக்கும் மேலே உள்ள ஃபார்முலா; ஒவ்வொரு எடைப் பத்திக்கும் தாளின் அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பீடு. தேதி, லாரி எண் போன்றவற்றுக்குக் கணக்கு உதவாது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். டிக்கெட் எண்கள் வரிசையாக இருந்தால் இடையில் குதித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடை பில்லாக இருந்தால் அளவு பெருக்கல் விலை தொகைக்குச் சமமா என்பது குறுக்குச் சோதனை. மொத்தத்தில் 1 அல்லது 2 சென் இடித்தால் உடனே திருத்தக் கிளம்பாதீர்கள். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கப் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றுகிறார்கள். 91.63 என்றால் 91.65. அந்த 0.02 தனி வரியில் அச்சாகியிருக்கும். அதைப் பொருளின் விலை என்று மெஷின் எடுத்துக்கொண்டதா என்று மட்டும் பாருங்கள்.

6. போட்டோவே வேண்டாம் என்று சொல்லத் தெரியுங்கள்

2024 ஆகஸ்ட் 1 முதல் வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தது. முதலில் ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் உள்ள நிறுவனங்கள். அந்த இன்வாய்ஸில் ஒவ்வொரு விவரத்துக்கும் தனிப்பெயர் கொண்ட இடம் உண்டு. பத்தி நழுவ வழியே இல்லை. சப்ளையர் அதற்குள் வந்துவிட்டாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பில்லின் அசல் பிடிஎஃப்பையோ எக்செல் ஃபைலையோ கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் காலிக் கட்டத்தில் 0 அச்சடிக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு பூஜ்யம் உங்களுக்கு மாதாமாதம் மணிக்கணக்கை மிச்சப்படுத்தும்.

7. வேலையை ஒப்படைக்கும் விதம்

பக்கத்து நாற்காலிக்காரர் "முடிச்சிட்டேன் பாஸ்" என்று ஃபைலை அனுப்புவார். நீங்கள் `FALSE` வந்த வரிகளுக்கு மஞ்சள் நிறம் போட்டு, போட்டோவையும் ஃபைலோடு சேர்த்து, உங்கள் பெயரோடு ஒரு வரி எழுதுங்கள்: "62 வரி. 7 இடித்தது. 5-ஐ டிக்கெட் பார்த்துத் திருத்தினேன். 2-க்கு ஆலையைக் கேட்டிருக்கிறேன். மொத்தம் தாளோடு ஒத்துப்போகிறது."

ஆடிட்டர் வரும் நாளில் பாஸ் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். எழுதியவர் பெயரும் அதிலேயே இருக்கும்.