ஒரே எழுத்து, இரண்டு பொருள்

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் பரிசோதனை எளிமையானது. ஒரு சிறிய உலோகக் குண்டு நூலில் கட்டப்பட்டுத் தாங்கியிலிருந்து தொங்கவிடப்படும். அதைச் சற்றே ஒரு பக்கமாக இழுத்து விட்டால் முன்னும் பின்னும் ஆடும். நிறுத்துக்கடிகாரத்தால் நேரத்தை அளந்து, கீழ்க்காணும் வாய்பாட்டில் இட்டுக் கணக்கிட வேண்டும்.

g = 4π²l / T²

பரிசோதனையை முடித்த நான்காம் படிவ மாணவர் குழு ஒன்று தன் அறிக்கையின் முதல் வரைவை இப்படி எழுதியது என்று வைத்துக்கொள்வோம்: “l = 50.0 cm. 20 அலைவுகளுக்கு T = 28.7 s. குண்டின் நிறை 50 g. வாய்பாட்டின்படி g-ஐக் கணக்கிட்டோம்.” அளவீடுகளில் குறை இல்லை. ஆனால், இந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவர் அதே விடைக்கு வந்து சேர முடியாது.

முதலில் T என்ற எழுத்தைப் பார்ப்போம். வாய்பாட்டில் உள்ள T, ஓர் அலைவுக்கு ஆகும் நேரம். வரைவில் உள்ள T, 20 அலைவுகளுக்கு ஆன நேரம். கையால் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தும்போது ஏற்படும் சிறு தாமதம் பல அலைவுகளுக்குப் பகிர்ந்துபோகும் என்பதால்தான் 20 அலைவுகள் அளக்கப்படுகின்றன. அது நல்ல முறைதான். ஆனால், இரண்டு நேரங்களுக்கும் ஒரே எழுத்தைத் தந்ததுதான் சிக்கல். 28.7-ஐ அப்படியே வாய்பாட்டில் இட்டால், முடுக்கம் 0.02 m/s² என்று வரும். அந்த விடையைக் கண்டவுடனேயே எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று யாருக்கும் புரிந்துவிடும். இதனால் இது பெரிய ஆபத்தில்லாத குழப்பம் எனலாம்.

l என்ற எழுத்து தரும் குழப்பம் அப்படிப்பட்டதன்று. அது சத்தமில்லாமல் வந்து அமர்ந்துகொள்ளும். வரைவில் l என்பதற்கு எந்த விளக்கமும் இல்லை. 50.0 cm என்பது நூலின் நீளமா, ஊசலின் நீளமா? இரண்டும் ஒன்றல்ல. ஊசலின் நீளம் என்பது நூல் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம். இந்தக் குழு நூலை மட்டுமே அளந்திருந்தது. குண்டின் ஆரம் 1.0 cm. ஆகவே ஊசலின் உண்மையான நீளம் 51.0 cm.

ஓர் அலைவுக்கான நேரம் 28.7-ஐ 20-ஆல் வகுக்க 1.435 s. நீளத்தை 0.500 m என்று கொண்டால் முடுக்கம் 9.59 m/s². 0.510 m என்று கொண்டால் 9.78 m/s². மலேசியா போன்று நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இடங்களில் கடல்மட்டத்தில் இதன் மதிப்பு ஏறத்தாழ 9.78 தான். விடை இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில் ஓரளவு அதிர்ஷ்டமும் உண்டு. நேரத்தில் 0.1 s பிழை இருந்தாலே விடை ஏறக்குறைய 0.07 மாறிவிடும். ஆனால், 9.59-க்கும் 9.78-க்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரியது. 9.59 என்ற விடையைப் பார்க்கும் எவரும் “பரிசோதனைப் பிழையாக இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவர். உண்மையில் பிழை இருப்பதோ ஒரு சொல்லில்.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பல நீளங்களுக்கு அளந்து, T²-ஐ l-க்கு எதிராக வரைபடமாக வரைய வேண்டும். l சரியான ஊசல் நீளமாக இருந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும். நூலின் நீளத்தை இட்டிருந்தால் கோடு சற்று மேலே விலகி, T² அச்சை 0.04 s² அளவில் வெட்டும். கோட்டின் சாய்வு மட்டும் மாறாது. ஆகவே சாய்விலிருந்து முடுக்கத்தைக் கணக்கிடுபவருக்குச் சரியான விடையே கிடைக்கும். ஆனால், 0.04 என்பது வரைபடத் தாளில் மிகச் சிறிய விலகல். கவனித்துப் பார்க்காதவர் கண்ணில் படாது.

அடுத்தது சொற்கள். குழுவின் வரைவு செய்முறைப் பகுதியில் “அலைவு” என்றும், அட்டவணையில் “ஊசலாட்டம்” என்றும், முடிவுரையில் “அதிர்வு” என்றும் எழுதியிருந்தது. மொழிப் பாடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். அந்தப் பழக்கம் ஆய்வறிக்கைக்கு உதவாது. அறிக்கையில் சொல் மாறினால், பொருளும் மாறியிருக்கிறது என்றே படிப்பவர் எண்ணுவார். “அலைவு” என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்புவது, “ஊசலாட்டம்” என்பது ஒரு பக்கம் மட்டும் செல்வது என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? நேரம் பாதியாகும். அது வாய்பாட்டில் வர்க்கமாக இருப்பதால் முடுக்கம் நான்கு மடங்காகி, 39 m/s²-ஐத் தாண்டிவிடும். அறிக்கை மலாய்மொழியில் எழுதப்பட்டாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் இதே நிலைதான்.

g என்ற எழுத்தும் வரைவில் இரண்டு வேலை செய்கிறது. ஓரிடத்தில் கிராம்; மற்றோரிடத்தில் முடுக்கம். அச்சிட்ட நூல்களில் முடுக்கம் போன்ற அளவுகளின் குறியீடுகள் சாய்ந்த எழுத்திலும், அலகுகள் நேர் எழுத்திலும் இருக்கும். கையெழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்டுவது கடினம். எண்ணுக்குப் பின்னால் வருவது அலகு என்பது பெரும்பாலும் புரியும் என்றாலும், முடுக்கத்திற்கு ஒருமுறை விளக்கம் தந்துவிட்டால் ஐயமே எழாது.

திருத்திய வரைவு இவ்வாறு அமைந்தது: “ஊசலின் நீளம் l என்பது நூல் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம்; l = 51.0 cm. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று மீண்டும் தொடங்கிய முனைக்கே வருவது ஓர் அலைவு. 20 அலைவுகளுக்கு ஆன நேரம் t = 28.7 s. ஓர் அலைவுக்கான நேரம், அதாவது அலைவுக் காலம், T = t/20. குண்டின் நிறை 50 g. புவியீர்ப்பு முடுக்கம் g கீழ்க்காணும் வாய்பாட்டால் கணக்கிடப்பட்டது.” வரைவு சற்று நீண்டுவிட்டது. ஆனால், இதற்குப் பிறகு வரும் அட்டவணையிலும் வரைபடத்திலும் t, T, l என்ற எழுத்துகளை மட்டும் எழுதினால் போதும். cm, s போன்ற அனைத்துலக அலகுகளின் குறியீடுகளுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே ஒருமுறை மட்டும் வரும் நீண்ட சொல்லுக்குச் சுருக்கம் உருவாக்குவதும் வீண்வேலை.

சில வேளைகளில் சுருக்கத்தை விரித்து எழுதுவது மட்டும் போதாது. வேதியியலில் எஸ்.டி.பி. என்பது திட்ட வெப்ப அழுத்த நிலையைக் குறிக்கும். இதன்படி ஒரு மோல் வாயுவின் கன அளவு 22.4 லிட்டர் என்று பல பாடநூல்கள் கூறுகின்றன. அது 0 °C வெப்பநிலையிலும் 101.325 kPa அழுத்தத்திலும் கிடைக்கும் அளவு. ஆனால், வேதியியலுக்கான அனைத்துலக அமைப்பான ஐயூபேக், 1982 முதல் திட்ட அழுத்தத்தை 100 kPa என்று மாற்றிவிட்டது. அந்த அழுத்தத்தில் ஒரு மோல் வாயு 22.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சுருக்கம் ஒன்றுதான்; விரிவும் ஒன்றுதான்; ஆனால் எண்கள் இரண்டு. ஆகவே வாயுவின் கன அளவைக் கணக்கிடும் அறிக்கையில், எஸ்.டி.பி. என்ற சுருக்கம் முதன்முதலில் வரும் இடத்திலேயே “0 °C, 101.325 kPa” என்றோ “0 °C, 100 kPa” என்றோ அடைப்புக்குறிக்குள் எழுதிவிட வேண்டும்.