சிவப்பு மையைப் பிரிக்க மூன்று வழிகள்

மாணவர் தன் கட்டுரையில் நீல மையால் 'பரவை' என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் 'ர'வைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ற' போட்டிருக்கிறார். அடுத்த வரியில் 'மழை காலம்'. இடையில் ஒரு சிவப்பு 'க்'. இந்தக் கட்டுரையை இன்னொருவர் முதல் திருத்தத்தைப் பார்க்காமல் மதிப்பிட வேண்டும், அல்லது மாணவர்கள் செய்யும் பிழைகளைத் தொகுக்க வேண்டும் என்றால், மாணவர் எழுதியதை மட்டும் பிரித்தெடுத்தாக வேண்டும். நமக்கு வேண்டிய 'ர' சிவப்புக் கோட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. எனவே இரண்டு மைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தை ஒரு வழி எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஸ்கேன். வண்ணத்தில், 300 டிபிஐ-யில் எடுத்து, .png கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு பெரும்பாலும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால், நீல எழுத்தின் ஓரத்தில் சிவப்பு கசிந்துவிடும். கைப்பேசி ஸ்கேன் செயலிகளின் கறுப்பு வெள்ளை முறையில் எடுத்தால் நிறமே போய்விடும். பிறகு எந்த வழியும் உதவாது.

வழி 1: சிவப்பை அழிப்பது

கிம்ப் போன்ற மென்பொருளில் நிறத்தை வைத்துச் சிவப்பைத் தேர்ந்தெடுத்து அழிப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். திருத்தங்கள் ஓரத்தில் மட்டும் இருந்தால் இது போதும். ஆனால் கோடு எழுத்தின்மேல் ஓடியிருந்தால், அதை அழிக்கும்போது கீழே உள்ள நீலமும் சேர்ந்து போகும். 'ர'வின் தண்டு நடுவில் அறுந்து, அது என்ன எழுத்து என்றே ஐயம் வரும்.

வழி 2: சிவப்பு சேனலை மட்டும் எடுப்பது

வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. தாள் 245, 240, 230 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மை 215, 45, 55. நீல மை 45, 60, 140. முதல் எண்ணை மட்டும் பாருங்கள்: சிவப்பு மை தாளை ஒட்டி வெளிறிவிடுகிறது, நீலம் இருண்டே நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் நீல மை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால் அங்கும் எண் 45-க்கு அருகில்தான் இருக்கும். 'ர' முழுதாக மீள்கிறது. கறுப்பு மைக்கும் பென்சிலுக்கும் இதே முறை பொருந்தும்.

கிம்ப்பில் `Colors > Components > Extract Component` சென்று `RGB Red` தேர்ந்தால் போதும். நோட்டின் சிவப்பு ஓரக்கோடும் மங்கிவிடும். வெளிர்நீல வரிக்கோடுகள் மட்டும் நிற்கும். அவை எழுத்தைவிட வெளிறியவை என்பதால், 130-க்கு மேற்பட்ட எண்களை வெள்ளையாக்கினால் பெரும்பாலும் மறையும்.

வழி 3: இரண்டு அடுக்குகளாகப் பிரிப்பது

ஆசிரியரின் திருத்தமும் தனியாக வேண்டுமென்றால், சிவப்பு எண்ணிலிருந்து பச்சை எண்ணைக் கழியுங்கள். சிவப்பு மைக்கு 170 வரும், தாளுக்கு 5. நீல மைக்குக் கழித்தல் எதிர்மறையாவதால் 0. பைத்தானில் இப்படி:

```python
import cv2
b, g, r = cv2.split(cv2.imread("page.png"))
cv2.imwrite("student.png", r)
cv2.imwrite("teacher.png", 255 - cv2.subtract(r, g))
```

ஓபன்சிவி நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தருகிறது. வரிசையை மாற்றி எடுத்தால் நீல எழுத்து மங்கிச் சிவப்பு எடுப்பாக நிற்கும். அதை வைத்தே தவறு தெரிந்துவிடும். ஆசிரியர் அடுக்கில் கோடுகள் நீலத்தைக் கடக்கும் இடங்களில் சிறு இடைவெளி விழும். திருத்தத்தைப் படிக்க அது தடையாகாது.

எந்த வழியில் பிரித்தாலும், துகள்களை நீக்கும் வடிகட்டியைத் தமிழ்க் கட்டுரைகளில் பயன்படுத்தாதீர்கள். அது மெய்யெழுத்தின் புள்ளியையும் தூசியாக எண்ணி நீக்கிவிடும். 'கல்' என்று சரியாக எழுதிய மாணவர் கணக்கில் 'கல' என்ற பிழை ஏறும். அதேபோல ஆசிரியர் போட்ட சிவப்புப் புள்ளியும் காணாமல் போகும்.

எதைத் தேர்வது?

நிறம் காட்டும் கருவியால் தாள், மாணவர் மை, ஆசிரியர் மை மூன்றையும் தொட்டு, சிவப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மை தாளை ஒட்டியும் மாணவர் மை வெகு கீழேயும் இருந்தால் வழி 2. திருத்தமும் வேண்டுமானால் வழி 3. ஆசிரியர் கருஞ்சிவப்பு ஜெல் பேனாவால் எழுதியிருந்தால் எண் இறங்கி, அடித்த இடத்தில் நிழல் தங்கும். அப்போது வெள்ளையாக்கும் எல்லையை 130-லிருந்து இரண்டு மைகளின் எண்களுக்கு நடுவே நகர்த்துங்கள். மாணவரே தலைப்பைச் சிவப்பில் எழுதியிருந்தால் நிறத்தை வைத்துப் பிரிக்க இயலாது. அந்தப் பகுதியை மூலப் படத்திலிருந்து கையால் வெட்டிச் சேர்ப்பதே வழி.

முடிவில், அடித்தல் விழுந்த சொற்கள் ஒவ்வொன்றையும் மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடித்த எழுத்து அறுபடாமல் வாசிக்க வந்தால் பிரிப்பு சரி.