படக்குறிப்பைச் செப்பனிடுதல்

படத்தின் கீழ் எழுதப்படும் குறிப்புக்குக் கிடைக்கும் இடம் இரண்டு வரியே. அவ்விரண்டு வரியிலும் வெறுஞ்சொற்கள் புகுந்துவிட்டால், படத்திலுள்ளவரைப் பற்றிய செய்திக்கு இடமில்லாது போகும். சபரகமுவ மாகாணத்தின் இறப்பர்த் தோட்டப் படம் ஒன்றுக்கு மாணவர் ஒருவர் பின்வருமாறு எழுதியதாகக் கொள்வோம்:

“இந்த அழகான படத்திலே நாம் காண்பது யாதெனில், கேகாலைத் தோட்டம் ஒன்றிலே மிகவும் கடினமாக உழைக்கின்ற தொழிலாளிப் பெண் ஒருத்தி, அதிகாலை வேளையிலே, விடியற்காலை நேரத்திலே, இறப்பர் மரத்திலே மிகவும் அருமையான முறையிலே பால்வெட்டும் வேலையைச் செய்துகொண்டிருக்கும் காட்சியாகும்.”

முதலில் வெறுஞ்சொற்களை நீக்குவோம். படம் கண்முன்னே இருக்கையில், “படத்திலே நாம் காண்பது யாதெனில்” என்பதும் “காட்சியாகும்” என்பதும் வேண்டா.

அடுத்து, கூறியது கூறல். அதிகாலையும் விடியற்காலையும் ஒன்றே, ஒன்று போதும். “பால்வெட்டும் வேலையைச் செய்துகொண்டிருக்கும்” என்னும் நீண்ட தொடரின் பொருளை ஒரே வினைமுற்றுத் தரும்.

மூன்றாவது, வலுவற்ற அடைமொழிகள். இவற்றை வெறுமனே வெட்டிவிடலாகாது. எதைக் கண்டு அவ்வாறு எழுதினோம் என்று ஒவ்வொன்றிடமும் வினவ வேண்டும். “அருமையான முறை” என்றது எதனை? பால்வெட்டுவோர் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சரிவில் பட்டையை மெல்லியதாகச் சீவுவர். கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால், பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, அவ்விடத்தில் மீண்டும் வெட்டுதல் அரிதாகும். ஆகவே “அருமை” என்பதன் உட்பொருள் “சரிவாகச் சீவுதல்” என்பதே. “கடினமாக உழைக்கின்ற” என்பதன் உட்பொருளோ வேளையில் இருக்கிறது. வெயில் ஏறினால் பால் குறையுமாதலால், விடியுமுன்னரே மரத்தடிக்குச் செல்ல வேண்டியுள்ளது. “அழகான” என்பதற்கோ விடை கிடைக்கவில்லை; அது நீங்குக.

“ஒருத்தி” என்பதை “ஒருவர்” என்று மாற்றுவது சுருக்கத்திற்காகவன்று, மதிப்பிற்காக. திருந்திய குறிப்பு இது:

“கேகாலைத் தோட்டம் ஒன்றில் விடியற்காலையில் பெண் ஒருவர் இறப்பர் மரப் பட்டையைச் சரிவாகச் சீவுகிறார், பால் சிரட்டையில் வடிகிறது.”

இருபத்தெட்டுச் சொற்கள் பதினான்காயின. எனினும் சிரட்டையும் வடியும் பாலும் புதிதாக இடம்பெற்றன.

சுருக்கத்திற்கும் எல்லையுண்டு. படம் காட்டாத ஒன்றை எடுத்தவரின் குறிப்பேடு உறுதிப்படுத்தினாலன்றி எழுதலாகாது. விடியற்காலை எடுத்த படம் என்பது தெரியாவிடின் அச்சொல்லும் போக வேண்டும். மிஞ்சிய இடத்தில் தோட்டத்தின் பெயரும், படமெடுத்த நாளும், அப்பெண் இசைந்தால் அவர் பெயரும் வருக. அப்போது குறிப்புச் சிறிது நீளும், அது குற்றமன்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து இப்படத்தைக் காணும் பேரப்பிள்ளைக்குத் தன் பாட்டியை அடையாளங்காட்டுவது “கடினமாக உழைக்கின்ற” என்னும் அடைமொழியன்று, அவருடைய பெயரே.