ரப்பர் வைத்தும் தரை அதிர்ந்தது ஏன்?

தொழிற்பயிற்சிக்குச் சென்ற தொழிற்சாலையில், நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் காற்றூதியின் அடியில் கெட்டியான ரப்பர் தாங்கிகளை வைத்தோம். தரை முன்பைவிட அதிகமாக அதிர்ந்தது! காரணத்தைக் கணக்குப் போட்ட பிறகே அறிந்தேன்.

காற்றூதியின் அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ். அதன் எடையால் ரப்பர் 0.5 மில்லிமீட்டர் அமுங்கியிருந்தது. 15.8-ஐ அந்த அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், தாங்கிமேல் நிற்கும் இயந்திரத்தின் இயல் அதிர்வெண் கிடைக்கும்: 22.3 ஹெர்ட்ஸ். 25-ஐ இதனால் வகுத்தால் அதிர்வெண் விகிதம், r = 1.12.

இயந்திரத்தின் அதிர்வு விசையில் எத்தனை பங்கு தரைக்குச் செல்கிறது என்பதே கடத்து விகிதம். r ஒன்றைவிடப் பெரிதாகவும் தணிப்பு மிகக் குறைவாகவும் இருந்தால், T = 1/(r² − 1). இங்கு விடை ஏறத்தாழ 4. ரப்பர் விசையைக் குறைக்கவில்லை, நான்கு மடங்காக்கிவிட்டது! r, √2-ஐத் தாண்டினால்தான் T ஒன்றுக்குக் கீழே இறங்கும்.

பிறகு 5 மில்லிமீட்டர் அமுங்கும் எஃகுச் சுருள்வில்களைப் பொருத்தினோம். இயல் அதிர்வெண் 7.1 ஹெர்ட்ஸாகக் குறைந்தது; r = 3.5; T = 0.09. பத்தில் ஒரு பங்குகூடத் தரைக்குச் செல்லவில்லை.

ஒரு குறை உண்டு. காற்றூதி வேகமெடுக்கையில் 7.1 ஹெர்ட்ஸைக் கடக்கும் கணத்தில் நன்றாகக் குலுங்கும். அதை அடக்கச் சிறிது தணிப்பு வேண்டும். மிகுதியானால், ஓட்டத்தின்போது தரைக்குச் செல்லும் விசை கூடிவிடும்.