முழக்கோல் கைமாறியபோது

நுழையும்முன்

வீட்டுக்கு ஓர் அலமாரி வேண்டுமெனில், தச்சர் முழக்கோலுடன் வந்து இடத்தை அளந்து, மரத்தைத் தெரிந்து, செய்துமுடித்ததை அவரே பொருத்திக் கொடுத்த காலம் உண்டு. இணையவழி வணிகத்தில் படமும் விலையும் மட்டுமே முன்னே நிற்கின்றன. தச்சர் பார்த்த வேலையில் பாதி, பணம் செலுத்துபவரின் பொறுப்பாகிவிட்டது. அந்த வேலை எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அறையை அளத்தல்

திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டையில் வாழும் ஒரு குடும்பம், மூன்று கதவுகள் கொண்ட துணி அலமாரி ஒன்றை இணையத்தில் தெரிவு செய்கிறது என்று கொள்க. அதன் உயரம் 1980 மி.மீ., அகலம் 1350 மி.மீ., ஆழம் 500 மி.மீ. அறையில் அதற்கென ஒதுக்கிய இடம், பக்கச் சுவருக்கும் சன்னலுக்கும் இடைப்பட்டது. அதற்கு மேலே பரண் இருக்கிறது.

பூசிய சுவர் எங்கும் ஒரே நேராக இருப்பதில்லை. எனவே, அகலத்தை மேலும் நடுவிலும் தரையிலும் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். இந்த அறையில் மேலே 1400 மி.மீ., நடுவில் 1390 மி.மீ. கிடைக்கின்றன. தரையருகே சுவரடியில் பதித்த ஓடு சற்றே முன்தள்ளி நிற்பதால் 1375 மி.மீ. மட்டுமே கிடைக்கிறது. இம்மூன்றில் மிகச் சிறியதே கணக்கில் கொள்ளத்தக்கது. 1350 மி.மீ. அலமாரி அதற்குள் அடங்கிவிடும்.

பரணின் அடிப்பகுதி தரையிலிருந்து 2020 மி.மீ. உயரத்தில் உள்ளது. 1980 மி.மீ. உயர அலமாரி அதன்கீழ் நிற்கும் எனத் தோன்றும். ஆனால், பல அலமாரிகள் பலகைகளாகப் பிரிக்கப்பட்டே வருகின்றன. அவற்றைத் தரையில் கிடத்திப் பூட்டிய பிறகே நிமிர்த்துவர். நிமிரும்போது அலமாரியின் பக்கப் பலகை ஒரு மூலையை ஊன்றிச் சுழல்கிறது. அப்போது அதன் எதிர்மூலை எட்டும் உயரம், பக்கப் பலகையின் மூலைவிட்டமே ஆகும். 1980-இன் வர்க்கத்தையும் 500-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 2042 மி.மீ. வருகிறது. பரணுக்குக் கீழே இருப்பதோ 2020 மி.மீ. நின்றால் இடம் போதும். நிமிர்த்தத்தான் இடம் போதாது. பரணுக்கு வெளியே உயரமான இடத்தில் நிமிர்த்தி உள்ளே நகர்த்த அறையில் வெற்றிடம் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையெனில், உயரம் குறைந்ததையே தேட வேண்டும். 1830 மி.மீ. உயரமும் அதே ஆழமும் கொண்ட அலமாரியின் மூலைவிட்டம் ஏறத்தாழ 1897 மி.மீ. மட்டுமே. அதனைப் பரணின் கீழேயே நிமிர்த்திவிடலாம்.

கதவுகளையும் மறத்தல் கூடாது. 1350 மி.மீ. அகலத்தை மூன்று கதவுகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 450 மி.மீ. அகலமாகும். எதிரே கிடக்கும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே அதைவிடக் கூடுதலான இடம் இருந்தாலன்றிக் கதவு முழுமையாகத் திறவாது.

பலகையை அறிதல்

விற்பனைப் பக்கத்தில் 'என்ஜினியர்டு வுட்' என்றொரு சொல் அடிக்கடி காணப்படும். அது ஒரு பலகையின் பெயரன்று. பலவகைப் பலகைகளுக்கான பொதுப்பெயர். மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது ப்ளைவுட். மரத்தை நுண்ணிய நாராக்கிப் பசையுடன் அழுத்தியது எம்.டி.எஃப். மரத்துகள்களைப் பசையுடன் அழுத்தியது பார்ட்டிகிள் போர்டு. இம்மூன்றையும் ஒரே பொதுப்பெயர் மூடிவிடக்கூடும் என்பதால், எந்த வகை என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறை.

பார்ட்டிகிள் போர்டு மோசமான பொருளன்று. விலை குறைந்தது, மேற்பரப்பு சமமானது. ஆனால், சாதாரண வகை நீரைக் குடித்து உப்பினால் மீண்டும் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அன்றாடம் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில், அடிவிளிம்பு தரையைத் தொட்டு நின்றால் கேடு அங்கிருந்தே தொடங்கும். எனவே, அலமாரிக்குக் கால்கள் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். மேலும், துகள்களால் ஆனதால் ஒரே துளையில் திருகாணியைப் பலமுறை கழற்றி மாட்டினால் பிடிப்புத் தளரும். அடிக்கடி வீடு மாறுவோர்க்கு இது முக்கியமானது.

பலகையின் தடிமனும் கருதத்தக்கது. பலகையின் விறைப்பு தடிமனின் கனத்தைப் பொறுத்து உயர்கிறது. 15 மி.மீ. தடிமனை 18 மி.மீ. ஆக்கினால் வேறுபாடு 3 மி.மீ. மட்டுமே, விறைப்போ ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. புத்தகங்களைத் தாங்கும் நீண்ட தட்டு நடுவில் தொய்யாதிருக்க இதுவே துணை செய்யும்.

மேற்பூச்சை நோக்குதல்

படத்தில் பளபளக்கும் முகப்பைவிட விளிம்புகளே பலகையின் ஆயுளைக் கூறும். முகப்பின் மேல் ஒட்டிய தாள் பலகையைக் காக்கும். வெட்டிய விளிம்பு திறந்திருந்தால் ஈரம் அவ்வழியே நுழையும். ஆகவே, பின்புறமும் அடிப்புறமும் உட்பட எல்லா விளிம்புகளிலும் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என வினவுதல் வேண்டும். விற்பவர் தரும் படங்களைவிட, வாங்கிப் பல மாதம் பயன்படுத்தியோர் இட்ட படங்கள் பயனுடையவை. பட்டை உரிதலும் திருகாணித் துளையருகே பலகை உப்புதலும் முதல் நாளில் தெரிவதில்லை.

திருப்பும் விதியைப் படித்தல்

பொருளைத் திருப்பித் தரும் உரிமை இரு வகைப்படும். மனம் மாறியதற்காகத் திருப்புவது விற்பவரின் விதியைப் பொறுத்தது. பூட்டிய பொருளை ஏற்பதில்லை என்று அவ்விதி கூறலாம். குறையுள்ள பொருளைத் திருப்புவதற்குச் சட்டம் துணை நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுத்தல் கூடாது. மின்வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

இந்த உரிமை சான்றைச் சார்ந்தது. 'ப்ளைவுட்' என்று சொல்லி விற்றது பார்ட்டிகிள் போர்டாக வந்தால், அப்படிச் சொன்னதை வாங்கியவரே காட்ட வேண்டியிருக்கும். எனவே, பணம் செலுத்தும் முன்பே அளவு, பலகை வகை, திருப்பும் விதி ஆகியவை உள்ள பக்கத்தைத் திரைப்படமாகச் சேமித்தல் வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது காணொளி எடுத்து, பலகைகளின் மூலைகளைப் பார்த்து, திருகாணிகளை எண்ணிய பின்னரே பூட்டத் தொடங்க வேண்டும். ஒரு பலகை உடைந்திருந்தாலும் பூட்டாமல் நிறுத்துவதே அறிவுடைமை.

புகாருக்குத் தீர்வு கிட்டாவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. சித்தையன்கோட்டைக் குடும்பம் அதற்காகத் திண்டுக்கல்லைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறை அலமாரியின் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து, அதனை நிமிர்த்தத் தேவையான குறைந்தபட்ச உயரத்தைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊர்த் தச்சர் ஒருவரைச் சந்தித்து, பலகைகளை அவர் வேறுபடுத்தி அறியும் முறையைக் கேட்டு எழுதுக.
3. இணையத்தில் ஒரு மேசையின் விற்பனைப் பக்கத்தைப் படித்து, அதில் கூறப்படாத செய்திகளை வினாக்களாக்கி விற்பவருக்கு ஒரு கடிதம் வரைக.