கண்டக்டருக்கு ஒரு நிமிடப் படம்

பங்காருபேட்டைக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கும் நடுவே தினமும் பஸ் ஓடுகிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் வேலை தேடிப் பெங்களூருக்குப் போனார்கள். இன்றும் பலர் பங்காருபேட்டையில் ரயில் ஏறி, வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்களுக்குக் காலை பஸ் மிக முக்கியம்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் சேர்ந்து அவருக்கு ஒரு சிறிய படம் எடுக்க விரும்புகிறார்கள். செல்போனில் எடுக்கலாம். படம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதலில் என்ன பேசுவது என்று எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

கேட்கும் விதம்

"கண்டக்டர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "நல்லவர்" என்பார்கள். அந்தச் சொல் யாருக்கும் பொருந்தும். "அவர் உங்களுக்கு என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஐந்து பேர் இப்படிச் சொன்னார்கள் என்று கொள்வோம்.

பாட்டி: "கையைப் பிடிச்சு ஏத்துவார். நான் உட்கார்ந்த பிறகுதான் 'ரைட்' சொல்வார்."

தொழிலாளி: "சில்லறை இல்லைன்னா டிக்கெட் பின்னாடி மீதியை எழுதுவார். இறங்கும்போது கூப்பிட்டுக் கொடுப்பார்."

மாணவி: "ஸ்டேஷன் வரும் முன்னே, 'ரயிலுக்குப் போறவங்க முன்னாடி வாங்க' என்பார்."

கடைக்காரர்: "தங்கமான மனுஷர்."

இன்னொருவர்: "ஒரு நாள் என்கிட்ட காசு இல்லை. டிக்கெட் இல்லாமலே கூட்டிப் போனார்."

எதை எடுப்பது? எதை விடுவது?

முதல் மூன்றையும் எடுக்கலாம். மூன்றிலும் அவர் செய்த செயல் கண்ணுக்குத் தெரிகிறது. கடைக்காரர் சொன்னதில் செயல் இல்லை. அவரிடம் மறுபடி கேளுங்கள். "எந்த நாளில் அப்படி நினைத்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு செய்தி கிடைக்கும்.

ஐந்தாவதை விட்டுவிட வேண்டும். அது அன்பான செயல்தான். ஆனால் டிக்கெட் இல்லாமல் ஆளை ஏற்றுவது விதிப்படி குற்றம். கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை. அவர்களுக்கும்கூட கண்டக்டர் கட்டணமில்லாத டிக்கெட் கொடுத்தாக வேண்டும். படம் பல செல்போன்களுக்குப் போகும். மேலதிகாரியும் பார்ப்பார். ஓய்வுப் பணம் வரவேண்டிய நேரத்தில் அவர்மேல் விசாரணை வரலாம். நாம் புகழ்ந்து சொன்னதே அவருக்குக் கெடுதலாக முடியலாம்.

எழுதிய பேச்சு

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் சுமார் 80 சொற்கள் பேசலாம். ஆட்கள் மாறிமாறிப் பேசுவதால் நடுவில் நேரம் போகும். ஆகவே 50 சொற்களுக்குள் எழுதுங்கள்.

குரல்: ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு. காலை ஐந்தரை மணி. இன்னும் விடியவில்லை.

பாட்டி: கையைப் பிடிச்சு ஏத்துவார். நான் உட்கார்ந்த பிறகுதான் 'ரைட்' சொல்வார்.

தொழிலாளி: டிக்கெட் பின்னாடி மீதியை எழுதுவார். இறங்கும்போது கூப்பிட்டுக் கொடுப்பார்.

மாணவி: 'ரயிலுக்குப் போறவங்க முன்னாடி வாங்க' என்பார். அவரால எனக்கு ரயில் தவறினதே இல்லை.

குரல்: தினமும் அவர் எங்களுக்கு 'ரைட்' சொன்னார். இன்று நாங்கள் அவருக்குச் சொல்கிறோம்.

எல்லோரும்: ரைட், ரைட், கண்டக்டர் அண்ணா!

இதை உரக்கப் படியுங்கள். ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் வேகமாகப் பேச வேண்டாம். வேகமாகப் பேசினால் பாட்டியின் பேச்சு புரியாது. ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது

பஸ் நிற்கும்போது எடுங்கள். ஓடும்போது என்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது. செல்போனைப் பேசுகிறவரின் பக்கத்தில் பிடியுங்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள். கணக்கு தவறினால் அவர் கைப்பணம் போகும். பேசுகிறவர்களிடம் "உங்கள் முகம் படத்தில் வரலாமா?" என்று முன்பே கேளுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று யார் எந்த மொழியில் பேசினாலும் அப்படியே இருக்கட்டும். அந்த பஸ்ஸில் அவர் மூன்று மொழிகளையும் கேட்டவர்.

பயிற்சி

1. ஐந்தாவது பயணி சொன்னதை ஏன் விட்டுவிட்டார்கள்?

2. "அவர் நேர்மையானவர்." இந்த வரிக்குப் பதிலாக, அவர் செய்த ஒரு செயலை எழுதுங்கள்.

3. உங்கள் ஊர் கண்டக்டர் உங்களுக்குச் செய்த ஒன்றைப் பத்துச் சொற்களில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள். எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள்.